எட்டு என்று வைத்துப் பார்த்த பையன்

(முன்னாள் மாணவர் சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



"கணக்கு வாத்தியார்தானே, ஏதாவது கணக்கு சொல்லுங்க" என்று செயலாளர் சொன்னார். ஒரு கணக்கும், அதில் நான் செய்த தவறும் சொல்கிறேன்.

கம்பத்துக்குப் பக்கத்தில் எட்டாம் வகுப்புக்கு இயற்கணிதம் எடுத்துக்கொண்டிருந்த காலம். தேர்வில் இப்படி ஒரு வயதுக் கணக்கு: "தந்தையின் வயது மகன் வயதைப் போல் 4 மடங்கு. 5 ஆண்டுகளுக்கு முன் 7 மடங்கு. இப்போது வயது என்ன?" பாதிப் பேர் 4x − 5 = 7x என்று எழுதியிருந்தார்கள். அப்பாவுக்கு ஐந்தைக் கழித்தவர்கள் மகனுக்குக் கழிக்க மறந்துவிட்டார்கள். ஐந்து வருஷத்துக்கு முன்னால் அப்பா மட்டுமா இளையவர்? போட்டுப் பார்த்தால் மகனுக்குக் கழித்தல் குறியில் வயது வரும். அதுவே தவறுக்கு அடையாளம்.

திராட்சைத் தோட்டத்தில் கூலி வேலை செய்தவரின் மகன் ஒருவன் மட்டும் சமன்பாடே எழுதவில்லை. "மகன் 8 என்றால் அப்பா 32. முன்பு 3, 27. மூவேழு 21, சேரவில்லை. 9 என்றால் அப்பா 36. முன்பு 4, 31. நாலேழு 28, சேரவில்லை. 10 என்றால் அப்பா 40. முன்பு 5, 35. ஐயேழு 35, சரி." இவ்வளவுதான் எழுதியிருந்தான். நான் சுழி போட்டேன். "விடை சரிதானே சார்?" என்றான். "வழி எங்கடா?" என்று திருப்பி அனுப்பிவிட்டேன். அடுத்த வருஷம் அவன் பள்ளிக்கு வரவில்லை. காரணம் பல இருந்திருக்கலாம். அந்தச் சுழி மட்டும் என்னுடையது.

வெகுநாள் கழித்துத்தான் எனக்குப் புரிந்தது. வழி அவன் தாளிலேயே இருந்தது. 8 என்று வைத்து அவன் சோதித்ததை ஒரே வரியாக எழுதுங்கள்: 4 × 8 − 5 = 7 × (8 − 5) ஆகுமா? ஆகவில்லை. இப்போது 8 இருந்த இடத்திலெல்லாம் x போடுங்கள்: 4x − 5 = 7(x − 5). சமன்பாடு அவ்வளவுதான்! அடைப்புக்குறிகூடத் தானாக வந்து உட்கார்ந்துவிட்டது. தீர்த்தால் 3x = 30, மகனுக்கு 10, தந்தைக்கு 40.

அதன் பிறகு நான் பாடத்தையே மாற்றிக்கொண்டேன். முதலில் ஏதாவது ஒரு விடையை வைத்துச் சோதி. தவறான விடையானாலும் பரவாயில்லை, சோதிக்கும் வரியை முழுசாக எழுது. பிறகு அந்த எண்ணை அழித்து x எழுது.

அடுத்தடுத்த எண் கணக்கிலும் இதே கதைதான். தெருவின் ஒரு பக்கத்தில் அடுத்தடுத்து மூன்று வீடுகள், கதவு எண்கள் ஒற்றைப்படை, கூட்டினால் 129. "ஒற்றைப்படைதானே" என்று பிள்ளைகள் x, x + 1, x + 3 என எழுதுவார்கள். 31 என்று வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். 31, 32, 34 என்று வந்ததும், "ஐயோ, 32 எதிர்ப்பக்கத்து வீடாச்சே!" என்று அவர்களே சொல்வார்கள். அடுத்த வீடு 33, அதற்கடுத்து 35. அதாவது x, x + 2, x + 4. கூட்டினால் 3x + 6 = 129, x = 41. வீடுகள் 41, 43, 45. இரட்டைப்படைக்கும் இதே x + 2தான். ஒற்றையா இரட்டையா என்பதை x முடிவு செய்யும். இடைவெளி எப்போதும் இரண்டு.

"ஊகித்தே விடை கண்டுபிடித்துவிட்டால் சமன்பாடு எதற்கு?" என்று கேட்பீர்கள். நம்ம ஊர்க் கணக்கு ஒன்று பாருங்கள். நம் பள்ளத்தாக்குக்குத் தண்ணீர் தரும் பெரியாறு அணை 1895-இல் திறக்கப்பட்டது. வைகை அணை 1959-இல். வித்தியாசம் 64. அக்காள் தங்கை மாதிரி, இந்த வித்தியாசம் என்றும் மாறாது. பெரியாறின் வயது வைகையைப் போல் 3 மடங்காக இருந்தது எப்போது? வைகைக்கு x வயது என்றால் x + 64 = 3x, x = 32. அதாவது 1991-இல். இரண்டு மடங்கானது 2023-இல், 128-ம் 64-ம். நான்கு மடங்கு? 20 வைத்தால் 84, வேண்டியதோ 80. 22 வைத்தால் 86, வேண்டியது 88. இடையில் இருக்கும் 21 வைத்தாலும் 85, வேண்டியது 84. முழு எண்ணாக எதை வைத்தாலும் அகப்படாது. x + 64 = 4x என்று எழுதினால்தான் 21 வருஷம் 4 மாதம் என்று வரும். ஊகம் நின்றுவிடுகிற இடத்தில் சமன்பாடு மேலே நடக்கிறது. ஆனால் அந்த ஊகத்தின் கையைப் பிடித்துத்தான் அங்கே போக முடியும்.

வீட்டில் பேரப்பிள்ளைகள் கணக்குத் தாளோடு வந்தால், "x என்னன்னு வச்சுக்க" என்று ஆரம்பிக்காதீர்கள். "நீ ஒரு எண் சொல்லு, சரியான்னு பார்ப்போம்" என்று கேளுங்கள். அந்தப் பையனிடம் நான் கேட்டிருக்க வேண்டியது அதுதான்.