இருபத்து மூன்று ஏவல்களும் ஒரு கழித்தலும்



இந்தக் கருத்தரங்கில் படிக்கப்படவுள்ள கட்டுரைகளில் பெரும்பாலானவை லாஜிஸ்டிக் ரிக்ரஷனைக் கையாள்கின்றன. ஏறக்குறைய எல்லாவற்றிலும் ஓர் அட்டவணை இருக்கிறது. அதன் கடைசி வரியில் ஒரு p மதிப்பு இருக்கிறது. அந்த மதிப்பு எந்தக் கழித்தலிலிருந்து வந்தது, அந்தக் கழித்தல் என்ன சொல்கிறது என்பதைப் பற்றி மட்டும் இன்று பேச விரும்புகிறேன். எடுத்துக்காட்டாக, உங்களில் பலருக்குத் தெரிந்த ஒரு தரவையே எடுத்துக்கொள்கிறேன்.

1986 ஜனவரி 28 அன்று சேலஞ்சர் விண்வெளி ஓடம் வெடித்துச் சிதறி, அதிலிருந்த ஏழு பேரும் இறந்தனர். திட எரிபொருள் ராக்கெட்டின் இணைப்பை அடைத்திருந்த ஓ-ரிங் எனும் ரப்பர் வளையம் குளிரில் இறுகி, வெப்ப வாயுவைத் தடுக்கத் தவறியது. அந்த ஏவலுக்கு முன்னறிவிக்கப்பட்ட வெப்பநிலை ஏறத்தாழ 31 டிகிரி ஃபாரன்ஹீட். அதற்கு முன் நடந்த 24 ஏவல்களில் ஒன்றின் ராக்கெட்டுகள் கடலில் மூழ்கிவிட்டதால், 23 ஏவல்களின் வளையங்களையே மீட்டுப் பார்க்க முடிந்தது. அவற்றுள் 7 ஏவல்களில் வளையம் சேதப்பட்டிருந்தது. 16 ஏவல்களில் சேதம் இல்லை.

இந்த 23 ஏவல்களுக்கு இரண்டு மாடல்களைப் பொருத்துவோம். முதல் மாடலுக்கு வெப்பநிலை என்றால் என்னவென்றே தெரியாது. எந்த ஏவலானாலும் சேத நிகழ்தகவு 7/23, அதாவது 0.304 என்று ஒரே பதிலைச் சொல்லும். இரண்டாவது மாடலில் வெப்பநிலையும் உண்டு. அதன் வெட்டுத்துண்டு 15.04, வெப்பநிலையின் கெழு −0.232. ஒவ்வொரு டிகிரி கூடும்போதும் சேதத்தின் லாக் ஆட்ஸ் அந்த அளவு குறைகிறது. இரண்டாவது மாடலில் அந்தக் கெழுவைப் பூச்சியமாக்கினால் முதல் மாடல் கிடைத்துவிடும். ஒன்று மற்றொன்றின் உள்ளே அடங்கியிருப்பதால்தான் இந்தச் சோதனையைச் செய்ய முடிகிறது.

இனி டீவியன்ஸ். ஒவ்வொரு ஏவலிலும் உண்மையில் நடந்ததற்கு மாடல் எவ்வளவு நிகழ்தகவு கொடுத்திருந்தது என்று பார்த்து, அதன் இயல் மடக்கையை −2ஆல் பெருக்கிக் கூட்டுகிறோம். நடந்ததை மாடல் எதிர்பார்த்திருந்தால் அபராதம் சிறிது, எதிர்பாராதிருந்தால் பெரிது. முதல் மாடலில் சேதம் நேர்ந்த ஒவ்வொரு ஏவலுக்கும் 2.38, நேராத ஒவ்வொன்றுக்கும் 0.73. மொத்தம் 28.27. வெப்பநிலையைச் சேர்த்த மாடலில் அது 20.32 ஆகிறது. வித்தியாசம் 7.95.

இந்தக் குறைவு எங்கிருந்து வந்தது? 53 டிகிரியில் நடந்த ஏவலில் சேதம் நேர்ந்தது. முதல் மாடல் அதற்கு 2.38 அபராதம் கட்டியது. இரண்டாவது மாடலோ அங்கே 0.94 நிகழ்தகவைக் கணித்திருந்ததால் 0.13 மட்டுமே கட்டியது. அதே சமயம் 75 டிகிரியிலும் ஓர் ஏவலில் சேதம் இருந்தது. இரண்டாவது மாடல் அதற்குக் கொடுத்திருந்த நிகழ்தகவு 0.085தான். ஆகவே அந்த ஒரே ஏவலுக்கு அது 4.92 கட்ட வேண்டியதாயிற்று. மொத்த டீவியன்ஸில் ஏறத்தாழ கால் பங்கு. அங்கே வெப்பநிலை மாடல் தோற்றுத்தான் போகிறது. 23 ஏவல்களின் வரவு செலவையும் கூட்டிக் கழித்த பிறகு மிஞ்சும் ஆதாயமே 7.95.

அந்த எண்ணைப் பாதியாக்கி e-இன் அடுக்காக்கினால் ஏறத்தாழ 53 வருகிறது. நடந்த நிகழ்வுகளுக்கு முதல் மாடல் தரும் நிகழ்தகவைப் போல் 53 மடங்கை இரண்டாவது மாடல் தருகிறது என்பது இதன் பொருள். லைக்லிஹுட் விகிதம் என்பது இதுவே. ஆனால் கெழு ஒன்றைக் கூட்டினால் பொருத்தம் ஒருபோதும் மோசமாகாது. பயனற்ற மாறியும் டீவியன்ஸைச் சிறிதளவாவது குறைக்கும். தற்செயலாக எவ்வளவு குறையும் என்பதற்கு 1938இல் சாமுவேல் வில்க்ஸ் விடை தந்தார். கூடுதல் கெழுவுக்கு உண்மையில் வேலை இல்லையென்றால், பெருங்கூறுகளில் இந்த வித்தியாசம், கூடுதல் கெழுக்களின் எண்ணிக்கையை வரையற்ற பாகையாகக் கொண்ட கைவர்க்கப் பரவலைப் பின்பற்றும். ஒரு பாகைக்குச் சராசரிக் குறைவு 1. 5 சதவீத எல்லை 3.84. நம்முடையது 7.95, p மதிப்பு 0.005. வெப்பநிலைக்குத் தொடர்பில்லாதிருக்க இவ்வளவு நிகழ்தகவுதான் என்று இதைப் படிக்கக் கூடாது. தொடர்பே இல்லாதிருந்தால் இவ்வளவு பெரிய குறைவு அபூர்வமாகவே தோன்றும் என்பது மட்டுமே அதன் பொருள்.

அதே அட்டவணையில் கெழுவின் பக்கத்தில் வால்ட் சோதனையின் p மதிப்பு 0.032 என்று இருக்கும். ஒரே தரவு, ஒரே கேள்வி, இரண்டு விடைகள். லாக் லைக்லிஹுட் வளைவு சமச்சீரான பரவளையம் என்று வைத்துக்கொண்டு, உச்சியில் அது எவ்வளவு வளைகிறது என்பதைக் கொண்டே வால்ட் கணக்கிடுகிறது. 23 ஏவல்களில் அந்த வளைவு சமச்சீராக இல்லை. டீவியன்ஸ் வித்தியாசமோ இரு மாடல்களையும் உண்மையிலேயே பொருத்தி, இரு உயரங்களையும் நேரே அளக்கிறது. இரண்டும் முரண்படும்போது நான் பின்னதையே நம்புவேன். அப்போதும் கைவர்க்கப் பரவல் இங்கே தோராயமே என்பதால், வெப்பநிலைகளை மாற்றி மாற்றி அடுக்கிப் பார்க்கும் வரிசைமாற்றச் சோதனையையும் செய்துவிடுவது நல்லது.

மீதமுள்ள 20.32ஐ 21 பாகைகளோடு ஒப்பிட்டு, மாடல் நன்றாகப் பொருந்துகிறது என்று எழுதுவோர் உண்டு. அது பிழை. இதே தரவை 16 வெவ்வேறு வெப்பநிலைகளாகத் தொகுத்தால் டீவியன்ஸ்கள் 19.95, 12.00 என்று மாறிவிடும். மாடலும் தரவும் மாறவில்லை. அடுக்கிய விதம் மட்டுமே மாறியது. ஆனால் வித்தியாசம் அப்போதும் 7.95தான். பூச்சியமும் ஒன்றுமாக உள்ள தரவில் தனி டீவியன்ஸைக் கொண்டு பொருத்தத்தைத் தீர்மானிக்க இயலாது. கழித்த பிறகே அது பேசுகிறது.

கழிப்பதற்கும் ஒரு நிபந்தனை உண்டு: எல்லா ஏவல்களும் தரவில் இருக்க வேண்டும். ஏவலுக்கு முந்தைய இரவு நடந்த தொலைபேசிக் கூட்டத்தில், குளிர் ஆபத்து என்று பொறியாளர்கள் எச்சரித்தார்கள். ஆனால் சேதம் நேர்ந்த ஏவல்களே ஒன்றோடொன்று ஒப்பிடப்பட்டன. எல்லா ஏவல்களின் வெப்பநிலையும் பார்க்கப்படவில்லை என்பதைப் பின்னர் விபத்தை விசாரித்த ரோஜர்ஸ் ஆணையம் எடுத்துக்காட்டியது. அந்த 7 ஏவல்களை மட்டும் நம் மாடல்களிடம் கொடுத்துப் பாருங்கள். எல்லாவற்றிலும் சேதம் இருப்பதால், சேத நிகழ்தகவு 1 என்று இரு மாடல்களும் சொல்லும். இரண்டின் டீவியன்ஸும் பூச்சியம், வித்தியாசமும் பூச்சியம். 7.95 என்ற எண்ணின் உயிர், வெப்பமான நாள்களில் எதுவும் நேராத அந்த 16 ஏவல்களில் இருக்கிறது. 65 டிகிரிக்குக் கீழே நடந்த நான்கிலும் சேதம். அதற்கு மேல் 19இல் மூன்றில் மட்டுமே.

31 டிகிரிக்கு இந்த மாடல் 0.9996 என்று சொல்லும். தரவின் கீழ் எல்லையோ 53. அந்த 22 டிகிரி இடைவெளியைப் பற்றி டீவியன்ஸ் வித்தியாசம் எந்த உறுதியும் தருவதில்லை; தரவு இருக்கும் இடத்தில் மட்டுமே அது ஒப்பிடுகிறது.

ஆகவே கட்டுரையாளர்களிடம் ஒரு வேண்டுகோள். p மதிப்பை மட்டும் காட்டாமல் இரு டீவியன்ஸ்களையும் பாகைகளையும் காட்டுங்கள். இரண்டு மாடல்களும் எத்தனை வரிசைகளில் பொருத்தப்பட்டன என்பதையும் சொல்லுங்கள். புதிய மாறியில் விடுபட்ட மதிப்புகள் இருந்தால் பெரிய மாடல் சத்தமில்லாமல் குறைந்த வரிசைகளில் பொருந்தும், டீவியன்ஸ் குறையும், அது மாறியின் வெற்றி போலத் தெரியும். தலைமை ஏற்கும் நண்பர்கள் ஒவ்வோர் அமர்விலும் இதை முதல் கேள்வியாகக் கேட்க வேண்டுகிறேன்.

இந்தச் சொற்களுடன் கருத்தரங்கைத் தொடங்கிவைத்து, முதல் அமர்வின் கட்டுரையாளரை மேடைக்கு அழைக்கிறேன்.