ஹோமா எண் எதைச் சொல்கிறது?

ரத்தப் பரிசோதனை அறிக்கையில் ‘ஹோமா ஐஆர்’ என்று ஓர் எண் வந்தால், அது அளந்த எண் அல்ல, கணக்குப் போட்டு வந்த எண். இன்சுலின் எதிர்ப்பை மதிப்பிட 1985-இல் ஆக்ஸ்போர்டில் டேவிட் மேத்யூஸ் குழுவினர் வெளியிட்ட கணக்கு அது.

கணக்கு எளிது. வெறும் வயிற்றில் எடுத்த சர்க்கரை அளவை அதே நேரத்து இன்சுலின் அளவால் பெருக்கி, 405-ஆல் வகுக்க வேண்டும். சர்க்கரை மில்லிகிராமில், இன்சுலின் மைக்ரோயூனிட்டில் இருக்க வேண்டும். ஒருவருக்குச் சர்க்கரை 96, இன்சுலின் 14 என்று வைத்துக்கொள்வோம். பெருக்கினால் 1344, வகுத்தால் சுமார் 3.3. சர்க்கரை இயல்பாகவே இருக்கிறது. ஆனால் அதை அங்கே நிறுத்திவைக்கக் கணையம் கூடுதல் இன்சுலினைச் சுரக்க வேண்டியிருக்கிறது. அந்தக் கூடுதல் உழைப்பைத்தான் 3.3 காட்டுகிறது. சர்க்கரையை மட்டும் பார்த்திருந்தால் இது தெரிந்திருக்காது.

இனி இன்னொருவர். பல வருட நீரிழிவு, சர்க்கரை 220, இன்சுலின் வெறும் 5. அவருடைய எண் 2.7. முதலாமவரைவிடக் குறைவு! நோய் குறைந்ததால் அல்ல. கணையம் ஓய்ந்துபோய் இன்சுலின் சுரப்பு விழுந்ததால். இன்சுலின் ஊசி போடுபவர்களுக்கோ இந்தக் கணக்கே பொருந்தாது, ஏனென்றால் ரத்தத்தில் இருப்பது உடல் தானாகச் சுரந்தது மட்டுமல்ல.

இதைவிடப் பெரிய சிக்கல் இன்சுலினை அளப்பதில் இருக்கிறது. கணையம் அதைச் சில நிமிடங்களுக்கு ஒருமுறை அலையலையாகச் சுரக்கிறது. அதனால் ஐந்து நிமிட இடைவெளியில் மூன்று மாதிரி எடுத்துச் சராசரி பார்ப்பது நல்ல முறை. நடைமுறையில் ஒரு மாதிரியோடு முடித்துவிடுகிறார்கள். எடுத்த ரத்தத்தில் சிவப்பணுக்கள் உடைந்தால் அவற்றிலுள்ள நொதி இன்சுலினைச் சிதைத்துவிடும். ஒரே ரத்தத்துக்கு இரண்டு ஆய்வகங்களின் கருவிகள் வேறுவேறு அளவு சொல்வதும் உண்டு. அந்த முதலாமவரின் 14 இன்னோரிடத்தில் 10 என்று வந்தால் எண் 2.4 ஆகிவிடும். பலரும் எல்லையாகக் கொள்ளும் 2.5-க்குக் கீழே! அந்த 2.5-கூட எல்லா மக்களுக்கும் பொதுவாக நிறுவப்பட்டதல்ல.

ஆய்வாளர்களுக்கு இது பயன்படுவது வேறு வகையில். நூற்றுக்கணக்கானவர்களின் ரத்தத்தை ஒரே ஆய்வகத்தில் அளந்து, குழுவோடு குழுவை ஒப்பிடும்போது தற்செயல் பிழைகள் பெரும்பாலும் ஒன்றையொன்று ஈடுகட்டிவிடும். துல்லியம் வேண்டுமென்றால் ‘கிளாம்ப்’ முறைதான்: ஒரு பக்கம் இன்சுலின், மறுபக்கம் குளுக்கோஸ் என்று சில மணி நேரம் சொட்டுச் சொட்டாக நரம்பில் ஏற்றி, சர்க்கரையை ஒரே நிலையில் வைக்க எவ்வளவு குளுக்கோஸ் தேவைப்படுகிறது என்று பார்ப்பார்கள். ஆயிரம் பேருக்கு அதைச் செய்ய முடியாது, அதற்குத்தான் ஹோமா.

உங்கள் கையில் அந்த எண் இருந்தால், அதை மட்டும் வைத்து மருந்து கேட்காதீர்கள். இடுப்புச் சுற்றளவு, ட்ரைகிளிசரைடு, ரத்த அழுத்தம், மூன்று மாதச் சர்க்கரை ஆகியவற்றோடு சேர்த்து மருத்துவரிடம் காட்டுங்கள். மறுபடி பார்ப்பதானால் அதே ஆய்வகத்தில், அதேபோல் வெறும் வயிற்றில் பாருங்கள்.