பம்ப் வாங்குறதுக்கு முன்னாடி ஷவரைக் கழட்டுங்க

பெண்ணாடத்துல எங்க வீட்டு மாடி ஷவர்ல தண்ணி நூல் மாதிரிதான் வரும். அப்பா பூஸ்டர் பம்ப் வாங்கக் கிளம்பிட்டார். "ஒரு நாள் பொறுங்கப்பா"ன்னேன்.

டேங்க் தண்ணி மட்டம் ஷவருக்கு 2 மீட்டர் மேல. 10 மீட்டர் உயரத்துக்குத்தான் சுமார் 1 பார் அழுத்தம் கிடைக்கும், நமக்கு 0.2 பார்தான். அதுக்காக நூல் மாதிரியா வரும்?

ஷவர் தலையைக் கழட்டி, வெறும் குழாய்ல வாளி பிடிச்சோம். 10 லிட்டர் நிரம்ப 5 நிமிஷம் ஆச்சு. அப்போ அடைப்பு தலையில மட்டும் இல்ல, லைன்லயும் இருக்கு. டேங்க் அடியில இருந்த கேட் வால்வு உப்பு படிஞ்சு பாதி மூடிக் கிடந்தது. மாத்தினதும் 75 வினாடியில வாளி நிரம்பிடுச்சு.

அப்படியே பம்ப் மாட்டியிருந்தா? இழுக்கத் தண்ணி பத்தாம இரைஞ்சிருக்கும், இல்ல ஃப்ளோ ஸ்விட்ச் ஆன் ஆகாமலே இருந்திருக்கும். இப்பவும் பெரிய மழை ஷவர் வேணும்னா பம்ப் தேவைதான். ஆனா முதல்ல கீசர் எத்தனை பார் தாங்கும்னு அதோட லேபிள்ல பாருங்க.