யாரும் திறக்காத பக்கங்கள்

நீங்க போனில் பார்க்கிற டாஷ்போர்டில் எந்தப் பக்கம் வீணாகக் கிடக்குதுன்னு எப்படிக் கண்டுபிடிப்போம்? பவர் பிஐ மென்பொருளின் பயன்பாட்டு அறிக்கை, ஒவ்வொரு பக்கமும் கடந்த 30 நாளில் எத்தனை முறை திறக்கப்பட்டதுன்னு காட்டும். முதல் பக்கம் தானாகவே திறக்கும். அதன் எண்ணிக்கையை நம்ப முடியாது. ஏரி நீர்மட்டப் பக்கத்தை மே மாதத்தில் சிலர்தான் திறப்பாங்க. அக்டோபரில் மழை தொடங்கினா எல்லாரும் அதைத்தான் தேடுவாங்க. அதனால அந்தப் பக்கம் இருக்கட்டும்.

அறிக்கை பக்கத்தைத்தான் எண்ணும், உள்ளே இருக்கிற படங்களை எண்ணாது. ஒரு வட்டப்படம் மேல சந்தேகம்னா, “இதை வச்சு கடைசியா என்ன முடிவெடுத்தீங்க?”ன்னு பார்ப்பவரையே கேட்போம். பதில் வரலைன்னா உடனே அழிக்க மாட்டோம், மறைச்சு வைப்போம். காலாண்டுக் கூட்டம் ஒன்று முடிந்தும் யாரும் கேட்கலைன்னா நீக்கிடுவோம்.