சொல்லின் முன் வந்த உயிர்

இலண்டன், இறப்பர் என்று ஈழத்துப் பத்திரிகைகள் எழுதுவதைக் கண்டு, ஆங்கிலத்தில் இல்லாத இகரம் இங்கே எதற்கு என்று வினவுவாருண்டு.

ட, ண, ர, ல, ழ, ள, ற, ன என்னும் எட்டு மெய்களும் தமிழ்ச் சொல்லுக்கு முதலாகா. நாவினால் இயலாமையே காரணம் என்பர் சிலர். அது முழுதும் பொருந்தாது. தமிழின் உடன்பிறப்பாகிய தெலுங்கு 'ரெண்டு' என்றே தொடங்குகிறது. நம் பேச்சு வழக்கும் அப்படியே. எனவே இது நாவின் குறையன்று. செந்தமிழ் தன் சொற்களுக்கு வகுத்துக்கொண்ட ஒலியமைப்பாகும்.

பிறமொழிச் சொல் வந்தால் என் செய்வது? ரகரத்தின் முன் அ, இ, உ என்பனவும், லகரத்தின் முன் இ, உ என்பனவும், யகரத்தின் முன் இகரமும் வரும் என்றார் நன்னூல் செய்த பவணந்தியார். எவ்விடத்து எது வரும்? அடுத்த உயிரை நோக்குக. ரோமம், லோகம் என்பவற்றில் இதழ் குவிகிறது. ஆதலின் இதழ் குவியும் உகரமே முன்வந்து உரோமம், உலோகம் என்றாயின. ராமன், லாபம், லங்கா என்பவற்றில் அக்குவிவு இல்லை. இராமன், இலாபம், இலங்கை என்றாயின. ரங்கம் அரங்கமானது போல அகரம் பெற்றவை சிலவே.

யகரத்தில்தான் பலர் இடறுவர். யந்திரம் இயந்திரமாகும். யாத்திரைக்கோ இகரம் வேண்டா. யானை போல 'யா' மொழிக்கு முதலாகும் எழுத்து.

டகரத்துக்கு அச்சூத்திரம் உயிர் எதையும் கூறவில்லை. ஆயினும் இந்நாட்டார் அதே வழியிற் சென்று, டாப்பு என்பதைப் பாடசாலை வரவு இடாப்பு ஆக்கிவிட்டனர்.