முழங்காலைத் தட்டினால் கால் ஏன் எகிறுகிறது?

டாக்டர் நோயாளியைக் கட்டிலின் ஓரத்தில் உட்கார வைத்து, முழங்கால் சில்லுக்குச் சற்றுக் கீழே சிறிய ரப்பர்ச் சுத்தியலால் தட்டுவதை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். தட்டியவுடன் கால் தானாக முன்னோக்கி எகிறும். எலும்பு பலமாக இருக்கிறதா என்று பார்க்கிறார் என்று சிலர் நினைப்பதுண்டு. டாக்டர் பார்ப்பது எலும்பை அன்று, நரம்பு வழியை. 1875ஆம் ஆண்டில் எர்ப், வெஸ்ட்பால் என்ற இரண்டு ஜெர்மானிய மருத்துவர்கள் இந்தச் சோதனையைப் பற்றி எழுதினார்கள். இன்று எத்தனையோ பெரிய எந்திரங்கள் வந்துவிட்டன. ஆயினும் அந்தச் சுத்தியலை டாக்டர்கள் இன்னும் கைவிடவில்லை. அது ஏன் என்று இன்று பார்ப்போம்.

முதலில் ஒரு சொல்லைத் தெளிவுபடுத்திக் கொள்வோம். நாம் பேச்சு வழக்கில் பலவற்றையும் ‘நரம்பு’ என்று சொல்லிவிடுகிறோம். கையில் நீலமாகத் தெரிவதையும் நரம்பு என்கிறோம். அது இரத்தக் குழாய். குதிகாலுக்கு மேல் கயிறு போல் விறைப்பாக இருப்பதையும் நரம்பு என்கிறோம். அது தசையை எலும்போடு கட்டி வைத்திருக்கும் தசைநாண். நான் இன்று நரம்பு என்று சொல்வது, உடலுக்குள் செய்தி கொண்டு செல்லும் மெல்லிய கம்பியைத்தான்.

இப்போது ஒரு காட்சியை நினைத்துப் பாருங்கள். முழங்கையை மடக்கி, கையில் ஒரு வாளியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறீர்கள். நீங்கள் பாராத நேரத்தில் ஒருவர் அதில் பாலை ஊற்றுகிறார். வாளி சற்றே கீழே இறங்குகிறது, ஆனால் விழுந்துவிடுவதில்லை. நீங்கள் யோசித்து முடிப்பதற்குள்ளேயே கை இன்னும் கொஞ்சம் இறுகி வாளியைத் தாங்கிக் கொள்கிறது. யார் சொல்லிக் கை இறுகியது?

புயத்துத் தசைக்குள், தசை நார்களுக்கு இடையே, சில மில்லிமீட்டர் நீளமே உள்ள நுண்ணிய உறுப்புகள் இருக்கின்றன. நடுவில் பருத்து இரு முனையிலும் ஒடுங்கி, நூல் நூற்கும் கதிரைப் போல் இருப்பதால் இவற்றுக்குத் தசைக்கதிர் என்று பெயர். தசை நீண்டால் இவையும் சேர்ந்து நீளும். உடனே ‘தசை இழுபடுகிறது’ என்ற செய்தி நரம்பு வழியாகத் தண்டுவடத்துக்குப் பறக்கும். தண்டுவடம் என்பது முதுகெலும்புக்குள் பாதுகாப்பாக ஓடும் நரம்பு வடம். அங்கே வந்த செய்தி, அதே தசையை ஆட்டுவிக்கும் நரம்பணுவை நேரே தொட்டு எழுப்புகிறது. அந்த நரம்பணு ‘இறுகு’ என்று தசைக்கு ஆணை அனுப்புகிறது. இதற்கு நீட்சி அனிச்சைச் செயல் என்று பெயர். மூளையின் அனுமதிக்கு இது காத்திருப்பதில்லை. மரத்தடியில் நடக்கும் சிறு காரியத்தை, ஆபீசுக்கு ஆளனுப்பாமல் மண்டோரே முடித்துவிடுவது போலத்தான் இது.

முழங்காலைத் தட்டும்போதும் நடப்பது இதுவே. சுத்தியல் தசைநாணின் மேல் படுகிறது. தசைநாண் சற்று உள்ளே அமுங்கி, தொடையின் முன்பக்கத் தசையை வெடுக்கென்று இழுக்கிறது. தொடைக்குள் இருக்கும் தசைக்கதிர்கள் அதை உணர்கின்றன. செய்தி இடுப்பு நரம்புகள் வழியே தண்டுவடத்துக்குப் போய், ஆணையாகத் திரும்பி வருகிறது. தட்டியதற்கும் தசை விழித்துக் கொள்வதற்கும் இடையே ஆகும் நேரம், ஒரு வினாடியை ஐம்பது பங்காக்கினால் அதில் ஏறக்குறைய ஒரு பங்குதான்.

தசைநாணிலும் உணர்வு உறுப்புகள் உண்டு. தசை நாணோடு சேரும் இடத்தில் அவை இருக்கின்றன. தசைக்கதிர் ‘எவ்வளவு நீளம், எவ்வளவு வேகம்’ என்று அளக்கிறது. தசைநாண் உறுப்போ ‘எவ்வளவு பாரம் இழுக்கிறது’ என்று அளக்கிறது. கதிரின் செய்தி தசையை இறுக்கும். நாண் உறுப்பின் செய்தி, அசையாமல் இருக்கும்போது, இடையில் ஒரு நரம்பணுவின் மூலமாகத் தசையைச் சற்றுத் தளர்த்தும். தசை அறுந்துபோகாமல் காப்பதே நாண் உறுப்பின் வேலை என்று பழைய பாடநூல்கள் கூறின. ஆனால் அது மிகச் சிறிய இழுப்பையும் உணர்கிறது என்று பின்னர் தெரியவந்தது. பச்சை முட்டையை உடையாமல் பிடிப்பதற்கும், பால் நிறைந்த வாளியை நழுவாமல் தூக்குவதற்கும் வேண்டிய பலம் வெவ்வேறு அல்லவா? அந்த அளவைச் சரிபார்த்துக்கொள்ள அது நாள் முழுதும் உதவுகிறது. ஆகவே, நாணைத் தட்டினாலும் காலை எகிறச் செய்வது நாண் உறுப்பு அன்று. தசைக்குள் இருக்கும் கதிர்தான்.

இனி, இந்த வழி பழுதானால் என்ன ஆகும் என்று பார்ப்போம். தசைக்கு வரும் ஆணை இரண்டு கட்டமாக வருகிறது. மூளையிலிருந்து தண்டுவடம் வரை வருவது மேல் நரம்பணு. இது ஆபீசிலிருந்து மண்டோருக்கு வரும் உத்தரவு. தண்டுவடத்திலிருந்து தசை வரை போவது கீழ் நரம்பணு. இது மண்டோர் ஆளுக்குச் சொல்வது.

கீழ் நரம்பணு கெட்டால், மூளையின் ஆணையும் தசைக்குச் சேராது. தட்டிய செய்திக்கும் பதில் வராது. கால் துவண்டுவிடும், தட்டினால் எகிறாது, சில வாரங்களில் தசை மெலியத் தொடங்கும். இளம்பிள்ளை வாதத்தில் நடப்பது இதுதான். அந்த நோய்க் கிருமி தண்டுவடத்தில் உள்ள கீழ் நரம்பணுக்களையே அழிக்கிறது.

மேல் நரம்பணு கெட்டால் கதையே வேறு. மூளை ஆணை மட்டும் இடுவதில்லை. தண்டுவடத்தின் துடுக்கை அடக்கியும் வைக்கிறது. ஆபீசின் கண்காணிப்பு நின்றுபோனால், மண்டோர் சின்னக் காரியத்துக்கும் பெரிய கூச்சல் போடுவார் அல்லவா? அதுபோல, இலேசாகத் தட்டினாலே கால் பலமாக எகிறும். தசை விறைத்துக் கொள்ளும். பாதத்தை வெடுக்கென்று மேலே தள்ளிப் பிடித்தால், அது தையல் எந்திரத்தின் மிதிபலகை போலத் துடித்துக் கொண்டே இருக்கும். உள்ளங்காலின் வெளியோரத்தைக் குதிகாலிலிருந்து மேலாகக் கீறினால், நம் பெருவிரல் கீழே மடங்கும். இவர்களுக்கோ மேலே நிமிரும். 1896இல் பாபின்ஸ்கி என்ற பிரெஞ்சு மருத்துவர் கண்ட அடையாளம் இது. கைக்குழந்தைகளுக்கு ஏறக்குறைய ஒரு வயதுவரை விரல் இப்படி நிமிர்வது இயல்பே. மூளையிலிருந்து வரும் வழி இன்னும் முதிரவில்லை என்பதே காரணம்.

இந்த வேறுபாடு எப்படிப் பயன்படுகிறது என்பதற்கு இரண்டு பேரை எடுத்துக்கொள்வோம். இருவரும் தோட்டத் தொழிலாளிகள். இருவரும் சொல்வது ஒன்றே: “இடுப்பு நோவு, கால் சரியில்லை.”

முதலாமவர் நாற்பது வயதுக்காரர். செம்பனைக் குலைகளை லாரியில் ஏற்றுபவர். ஒருநாள் குனிந்து தூக்கும்போது இடுப்பில் பளீரென்று வலித்தது. அன்று முதல் வலி வலப் பிட்டத்திலிருந்து கெண்டைக்கால் வழியாகப் பாதத்தின் வெளியோரம் வரை ஓடுகிறது. வலக்கால் நுனியில் மட்டும் நிற்கச் சொன்னால் நிற்க முடியவில்லை. டாக்டர் தட்டிப் பார்க்கிறார். இரண்டு முழங்காலும் எகிறுகின்றன. இடக் குதிநாணும் பதில் சொல்கிறது. வலக் குதிநாண் மட்டும் ஊமையாக இருக்கிறது. ஆகவே, பழுது கீழ் வழியில். அதுவும் குதிகாலுக்குப் போகும் ஒரே ஒரு நரம்பு வேரில். இடுப்பெலும்புகளுக்கு இடையிலுள்ள மெத்தை பிதுங்கி அந்த வேரை அழுத்துகிறது என்று டாக்டர் கருதுகிறார். இப்படிப்பட்டவர்களில் பெரும்பாலோர், பாரம் தூக்காமல் சில வாரங்கள் கவனமாக இருந்தாலே, அறுவைச் சிகிச்சை இன்றித் தேறிவிடுகிறார்கள்.

இரண்டாமவருக்கு வயது அறுபதை நெருங்குகிறது. பால் மரம் சீவியவர். இடுப்பு நோவு அவருக்குப் பழைய தோழன். ஆனால் ஆறு மாதமாகக் கால்கள் இரண்டும் கட்டை போல் இருக்கின்றன. சமதரையிலும் இடறுகிறார். செருப்பு கழன்று போவதே தெரிவதில்லை. கேட்டுப் பார்த்தால், சட்டைப் பொத்தானைப் போடவும் விரல்கள் தடுமாறுகின்றன என்கிறார். டாக்டர் தட்டியதும் இரண்டு முழங்கால்களும் துள்ளுகின்றன, பாதம் துடிக்கிறது, பெருவிரல் மேலே நிமிர்கிறது.

இங்கேதான் ஒரு உண்மையை நினைவில் வைக்க வேண்டும். தண்டுவடம் இடுப்பு வரை இறங்குவதில்லை. வளர்ந்தவர்களுக்கு அது கடைசி விலா எலும்புக்குச் சற்றுக் கீழேயே முடிந்துவிடுகிறது. அதற்குக் கீழே, குதிரை வால் போல், நரம்பு வேர்கள் மட்டுமே ஓடுகின்றன. அங்கே அழுத்தம் ஏற்பட்டால் அனிச்சைச் செயல் குறையுமே ஒழிய, கூடாது. ஆகவே, கால் துள்ளுகிறது என்றால் குற்றம் இடுப்பில் இல்லை, அதற்கு மேலே. கையும் தடுமாறுவதால், கழுத்தில் தண்டுவடம் நெரிபடுகிறதா என்று பார்க்க வேண்டும். இடுப்பை மட்டும் படம் எடுத்தால், அந்த வயதில் பலருக்கும் இருக்கும் தேய்மானம் தெரியும். உண்மையான நோய் ஒளிந்துகொள்ளும். இவருக்கு எண்ணெய் தேய்த்துக் கழுத்தை நெட்டி முறிப்பது ஆபத்து. நெடுநாள் நெரிந்த தண்டுவடம் முழுதாகத் திரும்புவது அரிது. அறுவைச் சிகிச்சையின் முதல் நோக்கமே மேலும் கெடாமல் தடுப்பதுதான். அதனால் நாள் கடத்துவது நட்டம்.

சுத்தியலின் தீர்ப்புக்கும் எல்லை உண்டு. மரத்திலிருந்து விழுந்தோ விபத்திலோ தண்டுவடம் திடீரென்று அடிபட்டால், மேல் வழி கெட்டிருந்தாலும் முதல் சில நாட்கள் அல்லது வாரங்கள் கால் துவண்டு, எந்தப் பதிலும் இராது. பிறகுதான் விறைப்பும் துள்ளலும் வரும். நெடுநாள் இனிப்பு நீர் உள்ளவர்களுக்குச் செய்தி கொண்டுபோகும் நரம்பே கெட்டு, இரண்டு குதிநாண்களும் ஊமையாகலாம். சிலருக்கு இயல்பாகவே பதில் குறைவு; அவர்களை இரு கை விரல்களையும் கோத்து இழுக்கச் சொல்லிவிட்டுத் தட்டினால் கால் எகிறும். அதனால்தான் டாக்டர் ஒரு காலை மட்டும் தட்டிவிட்டு நிறுத்துவதில்லை. இடத்தை வலத்தோடும், கையைக் காலோடும் ஒப்பிட்டுப் பார்க்கிறார்.

வீட்டில் உள்ளவர்கள் இரண்டு அடையாளங்களை மறக்கவேண்டாம். இடுப்பு நோவோடு சிறுநீர் வராமல் அடைத்துக்கொண்டாலும், தன்னை அறியாமல் கழிந்தாலும், சைக்கிள் இருக்கை படும் இடம் மரத்துப்போனாலும், குதிரை வால் நரம்புகள் முழுவதும் நெரிபடுகின்றன என்று பொருள் கொள்ளலாம். அன்றைக்கே மருத்துவமனைக்குப் போகவேண்டும், விடியட்டும் என்று இருக்கக்கூடாது. மற்றொன்று, நோவு இல்லாமலே கால்கள் விறைத்து, நடை தடுமாறி, கைவிரல்களும் சொன்னபடி கேளாமல் போவது. டாக்டரிடம் போகும்போது ‘இடுப்பு நோவு’ என்பதோடு நிறுத்திக்கொள்ளாதீர்கள். செருப்பு கழல்வதையும் பொத்தான் போட முடியாததையும் சேர்த்துச் சொல்லுங்கள். சுத்தியலை எங்கெல்லாம் தட்டிப் பார்க்க வேண்டும் என்பதை அந்தச் சொற்களே அவருக்குக் காட்டும்.