கேஸ் குறைவா, காற்று குறைவா?

ஏசி சரியாகக் குளிரவில்லை என்று மெக்கானிக்கை அழைக்கிறோம். அவர் வெளி யூனிட்டில் கேஜை மாட்டிப் பார்த்துவிட்டு, “கேஸ் குறைஞ்சிருக்கு சார், அடிச்சிரலாம்” என்கிறார். கேஜ் காட்டுவது அழுத்தத்தை மட்டும்தான். உள்ளே கேஸ் எவ்வளவு இருக்கிறது என்று அது சொல்லாது.

ஆர்-22 வாயு ஓடும் பழைய ஸ்பிளிட் ஏசி ஒன்றைப் பார்ப்போம். முள் 70 பி.எஸ்.ஐ. அளவில் நிற்க வேண்டிய இடத்தில் 58-ல் நிற்கிறது. கேஸ் கசிந்திருந்தாலும் இப்படித்தான் இறங்கும். வீட்டுக்குள் ஃபில்டரில் தூசி அப்பிக் காற்று அடைபட்டிருந்தாலும் இறங்கும். எது என்று எப்படிப் பிரிப்பது?

58 பி.எஸ்.ஐ. அழுத்தத்தில் ஆர்-22 ஏறக்குறைய 0 டிகிரி செல்சியஸில் கொதிக்கும். உள் காயிலில் திரவம் முழுவதும் கொதித்து ஆவியான பிறகு, அந்த ஆவி மேலும் சூடாகிறது. அப்படிக் கூடுதலாக ஏறிய சூடுதான் சூப்பர்ஹீட். ஏசி 15 நிமிடம் ஓடிய பின், வெளி யூனிட்டுக்குத் திரும்பும் தடித்த குழாயைத் துடைத்து, வெப்பமானியின் முனையைக் கவ்வவிட்டு, வெயிலும் வெளிக்காற்றும் படாமல் மேலே சுற்றிவிட வேண்டும்.

குழாய் 18 டிகிரி காட்டினால் சூப்பர்ஹீட் 18. திரவம் காயிலின் பாதியிலேயே தீர்ந்துவிட்டது, பெரும்பாலும் கேஸ் குறைவு. குழாய் 2 டிகிரிதான் என்றால் கதையே வேறு. காயிலுக்குப் போதிய சூடு வரவில்லை, ஃபில்டரையும் விசிறியையும் பாருங்கள். இந்த நிலையில் கேஸ் அடித்தால் கொதிக்காத திரவம் கம்ப்ரசருக்குள் போய் அதைக் கெடுத்துவிடும். வெளியே 35 டிகிரி, உள்ளே மிதமான ஈரப்பதம் என்றால் 7 டிகிரி அளவில் இருப்பது சரி. வெயிலும் ஈரப்பதமும் மாறினால் இந்த அளவும் மாறும்.

எக்ஸ்பான்ஷன் வால்வு வைத்த பெரிய ஏசிகளில் சூப்பர்ஹீட்டை வால்வே சரிக்கட்டிக்கொள்ளும். கேஸ் கொஞ்சம் குறைந்தாலும் கூடினாலும் அதில் தெரியாது. அங்கே சப்கூலிங்தான் கை கொடுக்கும். கண்டென்சர் பக்கம் 250 பி.எஸ்.ஐ. என்றால் ஆர்-22 வாயு சுமார் 47 டிகிரியில் திரவமாகிறது. வெளியேறும் மெல்லிய குழாய் 41 என்றால் சப்கூலிங் 6. கம்பெனி சொன்ன அளவை ஒட்டி இருந்தால் நல்லது. 1 என்றால் கேஸ் போதவில்லை. 13 என்றால் அநேகமாக அதிகம். ஆனால் 13-ஓடு சூப்பர்ஹீட்டும் எகிறியிருந்தால், வழியில் எங்கோ அடைப்பு. டிரையரையோ வால்வையோ பார்க்க வேண்டும்.

இன்வெர்ட்டர் ஏசியில் கம்ப்ரசரின் வேகமும் வால்வின் திறப்பும் மாறிக்கொண்டே இருப்பதால் இந்தக் கணக்கு பிடிபடாது. கசிவை அடைத்து, வேக்கும் போட்டு, பெயர்த்தகட்டில் உள்ள கிராம் அளவைத் தராசில் நிறுத்து ஏற்றுவதே அதற்கு வழி.